மீட்டர் கோலும் சாரப் பலகையும்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

கணியம்பாடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமான இயக்க விதிகளில் திருப்புத்திறன் சில பக்கங்களில் முடிந்துவிடும். செய்முறைத் தேர்விலும் அதே தத்துவத்தை வைத்து ஒரு பொருளின் எடையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பு மையமும் மூவகைச் சமநிலையும் தனியாக வரும். இவற்றை வேறுவேறு பாடமாக மனப்பாடம் செய்பவர்களுக்குத்தான் கணக்கு தடுமாறுகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோலில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1. தூரத்தைத் தாங்குபுள்ளியிலிருந்து அளவிடுங்கள்.

திருப்புத்திறன் என்பது விசையையும், சுழலும் புள்ளியிலிருந்து அந்த விசைக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கி வருவது. அலகு நியூட்டன் மீட்டர். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோலின் நடுவில், 50-ல் தாங்கி இருக்கிறது, 20 என்ற குறியில் 100 கிராம் தொங்குகிறது என்று கேள்வி வந்தால், பாதி வகுப்பு 100-ஐ 20-ஆல் பெருக்கும். கோலில் அச்சடித்த எண் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. அது இடத்தைச் சொல்லுமே தவிரத் தூரத்தைச் சொல்லாது. இங்கே தூரம் 30 செ.மீ. தாங்கியை 40-க்கு மாற்றினால் அதே எடையின் தூரம் 20 ஆகிவிடும், எடை மாட்டிய இடம் மாறாமலே. ஒவ்வொரு கணக்கிலும் முதலில் தாங்குபுள்ளியை வட்டமிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு எடைக்கும் அம்புக்குறி போட்டுத் தூரத்தை எழுதிவிடுங்கள். பெருக்கல் அதற்குப் பிறகுதான்.

இடஞ்சுழியை நேர்க்குறி, வலஞ்சுழியை எதிர்க்குறி என்று புத்தகம் சொல்கிறது. குறி போட்டுக் கூட்டுவதைவிட, இடஞ்சுழிக்கு ஒரு வரி, வலஞ்சுழிக்கு ஒரு வரி என்று எழுதி இரண்டையும் சமப்படுத்துவது பிழை குறைந்த வழி. திருத்துகிறவருக்கும் கண்ணில் படும்.

2. 'செங்குத்து' என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

கிடையாக இருக்கும் கோலில் எடைகள் நேர் கீழே இழுப்பதால் கோலின் மேல் அளக்கும் தூரமே செங்குத்துத் தூரம். அந்தப் பழக்கத்தில், கோல் சாய்ந்திருந்தாலும் அதையே எழுதிவிடுகிறோம். தெருக் கைபம்பைப் பாருங்கள். கைப்பிடியின் நீளம் ஒரு மீட்டர் என்று வையுங்கள். கிடையாக இருக்கும்போது முனையை நேர் கீழே அழுத்தினால் தூரம் ஒரு மீட்டர். கைப்பிடி கிடையிலிருந்து 60 பாகை மேலே தூக்கி நிற்கும்போது, அதே முனையில் நேர் கீழே அழுத்தினால் செங்குத்துத் தூரம் அரை மீட்டர்தான். அதே கையழுத்தத்தில் பாதித் திருப்புத்திறனே கிடைக்கும். அதனால்தான் தூக்கிய கைப்பிடியை யாரும் நேர் கீழே அழுத்துவதில்லை, தம் பக்கமாக வளைத்து இழுக்கிறார்கள். விசையைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திருப்பிவிட்டால் முழு மீட்டரும் திரும்பக் கிடைக்கும்.

3. கோலுக்கும் எடை உண்டு.

கணக்கில் 'சீரான கோல்' என்று ஒரு சொல் வரும். அது அலங்காரத்துக்கு வந்த சொல் இல்லை. கோலின் முழு எடையும் அதன் நட்டநடுவில் செயல்படுவதாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதி அது. அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். தாங்குபுள்ளி சரியாக ஈர்ப்பு மையத்திலேயே இருந்தால் கோலின் எடைக்குத் தூரம் சுழி, அதனால் திருப்புத்திறனும் சுழி. அப்போது மட்டும் அதைக் கணக்கில் விட்டுவிடலாம். தாங்கி ஒரு செ.மீ. நகர்ந்தாலும் விடக் கூடாது.

செய்முறையில் இது எப்படிக் காலை வாரும் என்று பாருங்கள். பள்ளிக்கூடத்து மரக் கோல்கள் ஓரம் தேய்ந்து, முனையில் துளை போட்டு, ஒரு பக்கம் எண்ணெய் குடித்துக் கிடப்பவை. அவற்றின் ஈர்ப்பு மையம் 50-ல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கோல் 49.6-ல் சமநிலைக்கு வருகிறது என்று வைப்போம். தாங்கியை அங்கேயே வைத்து, தெரிந்த 100 கிராமை 20.0-ல் தொங்கவிடுகிறோம். தெரியாத பொருளை மறுபக்கம் நகர்த்திப் பார்த்தால் 82.0-ல் கோல் கிடையாக நிற்கிறது. தூரங்கள் 29.6, 32.4. பொருளின் நிறை 100 × 29.6 ÷ 32.4, அதாவது 91.4 கிராம். தாங்கி 50-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டு 30, 32 என்று எழுதியவருக்கு 93.8 கிராம் வரும். நான்கு மில்லிமீட்டர் அலட்சியம் இரண்டு கிராமுக்கு மேல் கொண்டுபோய்விட்டது. ஆகவே எடை எதையும் மாட்டாமல் வெறும் கோலை முதலில் சமநிலைப்படுத்தி, அந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. எடைகளை மாட்டும் கொக்கிக்கும் நிறை உண்டு, அதையும் கூட்ட வேண்டும். பொருளைத் தாங்கிக்கு அருகில் மாட்டாதீர்கள். 32 செ.மீ. தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடையில் 0.3 சதவீதம் போகும். ஐந்து செ.மீ. தூரத்தில் அதே தவறு இரண்டு சதவீதம். தூரமாக மாட்டுங்கள், மூன்று வெவ்வேறு இடங்களில் செய்து சராசரி எடுங்கள்.

கோலின் நிறையைத் தராசு இல்லாமலே காணலாம் என்பதையும் செய்து பாருங்கள். தாங்கியை 30.0-க்கு நகர்த்துங்கள். கோல் வலப்பக்கம் சாயும். அதே 100 கிராமை 10.0-ல் மாட்டினால் நிமிர்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் 100 × 20. மறுபக்கம் கோலின் நிறை × 19.6, ஏனென்றால் அதன் ஈர்ப்பு மையம் 49.6. கோலின் நிறை 102 கிராம். இரு பக்கமும் கிராமிலேயே பெருக்கலாம். புவியீர்ப்பு முடுக்கம் இருபுறமும் வந்து அடிபட்டுப் போகும். எடை கேட்டிருந்தால் மட்டும் கடைசியில் கிலோகிராமாக்கி 9.8-ஆல் பெருக்கி நியூட்டனில் எழுதுங்கள்.

4. சமன்பாடு நிற்கும் என்று சொல்லும், நிலைக்கும் என்று சொல்லாது.

இதுதான் எனக்கு முக்கியம், இதைத்தான் வகுப்பில் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். கத்திமுனையின் மேல் கோலைப் படுக்க வைத்துச் சமநிலைப்படுத்திப் பாருங்கள். கணக்குப்படி எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் கோல் நிற்காது. இப்படிச் சாயும், கொஞ்சம் நகர்த்தினால் அப்படிச் சாயும். அதே கோலின் மேல் விளிம்பில் நூல் முடிச்சை இறுக்கித் தொங்கவிட்டால் லேசாக ஆடிவிட்டுக் கிடைக்கே வந்து நிற்கும். கேட்கத் தெரிந்த பிள்ளை இங்கே கேட்கும்: "ஐயா, சாய்ந்தால் ரெண்டு பக்கத் தூரமும் ஒரே அளவில்தானே குறையுது? அப்போ சமன்பாடு கெடலையே, ஏன் சாயணும்?"

நல்ல கேள்வி. இரண்டு பக்கத் தூரமும் ஒரே விகிதத்தில் குறைவது, எல்லா எடையும் தாங்குபுள்ளியின் மட்டத்திலேயே செயல்பட்டால்தான். கோலின் கனம் ஐந்து மில்லிமீட்டர் என்றால், கத்திமுனை அடிப்பக்கம் தொடுகிறது, ஈர்ப்பு மையமோ அதற்கு இரண்டரை மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. வலப்பக்கம் துளி சாய்ந்தால் ஈர்ப்பு மையமும் தாங்கிக்கு வலப்பக்கம் போய்விடும். அங்கிருந்து அது வலப்பக்கமே தள்ளும், சாய்வு கூடும். இது உறுதியற்ற சமநிலை. நூலில் தொங்கும்போது தாங்குபுள்ளி மேல் விளிம்பில், ஈர்ப்பு மையம் கீழே. வலமுனை இறங்கினால் கீழே இருக்கும் ஈர்ப்பு மையம் இடப்பக்கம் ஒதுங்குகிறது, கோலைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இது உறுதிச் சமநிலை. இரண்டரை மில்லிமீட்டர் மேலேயா கீழேயா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

கத்திமுனைதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கோல் அசையாமல் நிற்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரத்தைத் தின்ன வேண்டாம். 49.4-ல் வைத்தால் திட்டமாக ஒரு பக்கம் சாய்கிறது, 49.8-ல் திட்டமாக மறுபக்கம் சாய்கிறது என்றால் நடுவை, 49.6-ஐ எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

5. இரண்டு தாங்கி இருந்தால், தெரியாத ஒன்றின் மேல் காலை ஊன்றுங்கள்.

வீடு கட்டும் இடத்தில் சவுக்குக் கட்டை நட்டு, குறுக்குக் கட்டை கட்டி, மேலே பலகை போட்டுக் கொத்தனார் நிற்பார். சாரம் என்கிறோம். தேர்வில் வரும் உத்திரக் கணக்கு பெரும்பாலும் இந்தச் சாரம்தான். ஒரு பலகையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

பலகை 5 மீட்டர், சீரானது, 30 கிலோ. இடது முனை 'அ' என்ற குறுக்குக் கட்டையின் மேல். அங்கிருந்து 3 மீட்டரில் 'ஆ' என்ற இரண்டாவது கட்டை. மிச்சம் 2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 60 கிலோ கொத்தனார் அ-விலிருந்து 2 மீட்டரில் நிற்கிறார். இரண்டு கட்டையும் எவ்வளவு தாங்குகின்றன?

தெரியாதவை இரண்டு. எந்தப் புள்ளியைப் பற்றியும் திருப்புத்திறன் எடுக்கலாம் என்ற உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையைச் சரியாகப் பயன்படுத்துங்கள். அ-வைத் தாங்குபுள்ளியாக எடுத்தால் அ தரும் விசைக்குத் தூரம் சுழி, அது கணக்கிலிருந்து ஓடிவிடும். பலகையின் எடை நடுவில், அதாவது 2.5 மீட்டரில். 30 × 2.5, 75. கொத்தனார் 60 × 2, 120. கூட்டினால் 195. ஆ-வின் தாங்கல் × 3 = 195, ஆகவே ஆ தாங்குவது 65 கிலோ எடை. மொத்தம் 90, அ-வின் பங்கு 25. நியூட்டனில் 637, 245.

இப்போது சரிபார்ப்பு. மொத்தத்திலிருந்து கழித்து வந்த விடையைக் கூட்டிப் பார்த்துச் சரி என்பது சரிபார்ப்பே அல்ல. ஆ-வைத் தாங்குபுள்ளியாக எடுத்து மறுபடி செய்யுங்கள். பலகையின் நடு ஆ-வுக்கு இடப்புறம் அரை மீட்டர், 15. கொத்தனார் இடப்புறம் ஒரு மீட்டர், 60. மொத்தம் 75, மூன்றால் வகுத்தால் 25. அதே விடை வேறு வழியில் வந்தது. இனிப் பயமில்லை.

இனிக் கொத்தனார் வலப்பக்கம் நடக்கிறார். ஆ-வைத் தாண்டி எவ்வளவு தூரம் போகலாம்? அவர் நகர நகர அ-வின் தாங்கல் 25-லிருந்து குறைந்துகொண்டே வரும். சுழியைத் தொடும் கணத்தில் பலகை அ-விலிருந்து எழும்பத் தயாராகிறது. 'சாயும் தறுவாயில்' என்று கேள்வித்தாளில் இருந்தால் அதன் பொருள் ஒன்றே ஒன்று: தூரத்துத் தாங்கியின் விசை சுழி. ஆ-வைப் பற்றி எடுத்தால் இடப்புறம் பலகை மட்டும்தான், 30 × 0.5, 15. வலப்புறம் 60 × தூரம். தூரம் 0.25 மீட்டர். வெளியே இரண்டு மீட்டர் பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் கால் மீட்டர்தான் அவருக்கு. ஒரு சாண் சொச்சம். அரை அடி முன்னால் வைக்கும் கால்தான் ஆளைக் கீழே தள்ளுகிறது என்பது இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

6. விடையாக வரும் எண் விளிம்பு. அதன் மேல் நிற்காதீர்கள்.

கொத்தனார் வலமுனை வரை போக வேண்டும் என்றால் அ-வின் மேல் எவ்வளவு பாரம் வைக்க வேண்டும்? வலப்புறம் 60 × 2, 120. இடப்புறம் பலகை 15, மீதி 105-ஐ மூன்றால் வகுத்தால் 35 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று போதும்போல் தெரியும். மூட்டையின் நடு சரியாக அ-வின் மேல் இருந்தால் போதும்தான். யாரோ அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆ-விலிருந்து 2 மீட்டரில் வைத்துவிட்டால் 100 + 15, மொத்தம் 115. தேவை 120. அதே மூட்டை, அதே பலகை, ஆள் கீழே. தேர்வில் 35 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குங்கள். வேலைத்தளத்தில் மூட்டையை நம்பிப் பலகையில் ஏறாதீர்கள். இரண்டு முனையும் கட்டையோடு கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், நீட்டலும் குறைவாக இருக்க வேண்டும்.

7. ஒழுங்கில்லாத வடிவத்துக்கு ஈர்ப்பு மையத்தைத் தொங்கவிட்டுத் தேடுங்கள்.

வேலூர் மாவட்டப் படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். ஓரத்தில் மூன்று துளை. ஒரு துளையில் ஊசியைச் செருகித் தொங்கவிட்டு, அதே ஊசியில் கல் கட்டிய நூலையும் தொங்கவிடுங்கள். நூல் போகும் கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். அடுத்த துளையிலும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். மூன்றாவது துளை, வேலை சரியா என்று பார்க்க. மூன்று கோடும் ஒரே புள்ளியில் வராமல் சிறு முக்கோணம் விழுந்தால் துளை இறுக்கமாக இருக்கிறது, அட்டை தாராளமாக ஆடவில்லை என்று பொருள். துளையைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். வளையல் போன்ற வடிவத்தில் அந்தப் புள்ளி பொருளுக்கு வெளியே வெற்றிடத்தில் விழும். அதில் தவறொன்றும் இல்லை.

8. உயரத்துக்கும் அதே பெருக்கல்தான்.

ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் மூட்டை மூட்டையாக இறங்கும். நம்மூரில் குட்டியானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டியில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டு வளைவில் இறங்கும்போது பார்ப்பவர் வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு.

கணக்குக்காக, வெறும் வண்டி 900 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர் என்று வைப்போம். சாய்ந்த தரையில் வண்டி எப்போது உருளும்? ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் தூக்குநூல் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைத் தாண்டும்போது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தது. 0.65 ÷ 0.5, அதாவது 1.3. கோணம் சுமார் 52 பாகை.

இப்போது 600 கிலோ மூட்டைகளை உயரமாக அடுக்குகிறோம், அவற்றின் ஈர்ப்பு மையம் 1.5 மீட்டரில். மொத்தத்தின் ஈர்ப்பு மையத்தைக் காண, கோலை நிமிர்த்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 900 × 0.5 உடன் 600 × 1.5-ஐக் கூட்டினால் 1350. மொத்த நிறை 1500-ஆல் வகுத்தால் 0.9 மீட்டர். இப்போது 0.65 ÷ 0.9, கோணம் சுமார் 36 பாகை. அதே 600 கிலோவைத் தாழப் பரப்பி, பாரத்தின் மையம் 0.8 மீட்டரில் இருக்கும்படி ஏற்றினால் மொத்த மையம் 0.62, கோணம் 46 பாகை. நிறை ஒரு கிலோகூட மாறவில்லை.

36 பாகைச் சாய்வில் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். வண்டி விறைப்பான பெட்டி அல்ல. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கத்து வில்பட்டை அமுங்குகிறது, கயிறு தளர்ந்தால் மூட்டையும் அதே பக்கம் நகர்கிறது. மூன்றும் ஈர்ப்பு மையத்தை விளிம்புப் பக்கம் கொண்டுபோகின்றன. காகிதத்தில் வரும் கோணம் உச்சவரம்பு, சாலையில் அதைவிட வெகு குறைவிலேயே உருண்டுவிடும். பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கர் இன்னும் மோசம், அதன் ஈர்ப்பு மையம் ஓரிடத்தில் இருப்பதே இல்லை.

9. நடுநிலைச் சமநிலைக்குப் பந்தை மட்டும் எழுதாதீர்கள்.

உறுதிக்குக் கிண்ணத்துக்குள் கோலி, உறுதியற்றதற்குக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் கோலி, நடுநிலைக்குச் சமதரையில் பந்து. எல்லா விடைத்தாளிலும் இதுதான். நமக்கு ஜவ்வாது மலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆலங்காயத்துக்குப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள 2.3 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கிக்கு 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயர் சூட்டினார்கள். குதிரை லாட வடிவத் தாங்கியில், பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் அது சுழலும். நட்சத்திரத்தைப் பின்தொடர ஏறத்தாழ நாளுக்கு ஒரு சுற்று என்ற மெதுவான வேகத்தில் திரும்ப வேண்டும்.

இவ்வளவு பெரிய பாரத்தை அப்படி நகர்த்துவதற்கு வழி, ஈர்ப்பு மையத்தைச் சுழலச்சின் மேலேயே வைத்துவிடுவதுதான். அப்போது எந்தக் கோணத்தில் விட்டாலும் எடையின் திருப்புத்திறன் சுழி. மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும். எந்தத் தொலைநோக்கியிலும் குழாயின் ஒரு முனையில் புதுக் கருவி மாட்டினால் இந்தச் சமன் கெடும். அச்சிலிருந்து 3 மீட்டரில் 20 கிலோ கருவி ஏறினால், மறுபக்கம் 2 மீட்டரில் 30 கிலோ எதிர்எடை வேண்டும். ஆனால் குழாயைக் கிடையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட முடியாது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ விலகியிருந்தாலும் கிடைநிலையில் அது சமமாகவே காட்டும். குழாயைச் சாய்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே பூட்டைத் தளர்த்தி, கிடையாக ஒரு தடவை, சாய்வாக ஒரு தடவை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வைத்த இடத்தில் நின்றால்தான் அது நடுநிலை. நான்காவது எண்ணில் கத்திமுனைக் கோலில் பார்த்த அதே இரண்டரை மில்லிமீட்டர் சங்கதிதான் இங்கே பெரிய உருவத்தில் வருகிறது.

10. விடை வந்த பிறகு, அது கோலின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. நீங்களே போடுங்கள், பிறகு கீழே பாருங்கள். 120 கிராம் நிறையுள்ள சீரான மீட்டர் கோல், தாங்கி 40-ல். 10 என்ற குறியில் 200 கிராம் தொங்குகிறது. 60 கிராம் எடையை எங்கே மாட்டினால் கோல் கிடையாக நிற்கும்?

இடஞ்சுழி 200 × 30, 6000. கோலின் சொந்த எடை 50-ல் செயல்படுகிறது, தாங்கிக்கு வலப்புறம் 10 செ.மீ., வலஞ்சுழி 1200. இன்னும் வேண்டியது 4800. அதை 60-ஆல் வகுத்தால் 80 செ.மீ., அதாவது 120 என்ற குறி. மீட்டர் கோலில் அப்படி ஒரு குறி கிடையாது. 60 கிராமால் இந்தக் கோலைச் சமநிலைப்படுத்த முடியாது, கோலின் முனையில் மாட்டினாலும் குறைந்தது 80 கிராம் வேண்டும் என்பதே விடை. 120 என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்ட தாளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.